ஸ்வெட்டரில் இழுபட்ட நூலை வெட்ட விடாதீர்கள்

பின்னல் துணியில் நூல் இழுபட்டு வளையமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கத்தரிக்கோலோடு அதை அணுகும் கடையில் கொடுக்காதீர்கள். என்னுடைய கம்பளி ஸ்வெட்டரை ஒரு ஆல்டரேஷன் கடை அப்படித்தான் பாழாக்கியது.

பையின் ஜிப்பில் மாட்டி, ஸ்வெட்டரின் முன்பக்கத்தில் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு வளையம் வெளியே வந்திருந்தது. அதன் இருபுறமும் துணி சுருங்கி, கோடு கிழித்தது போல இறுகியிருந்தது. நூல் எங்கும் அறுபடவில்லை. உள்பக்கமாக இழுத்துவிட்டால் போதும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மேலே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த இறுகிய கோடு அப்படியே இருந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் வளையத்தைக் காணோம், இரண்டு குட்டை நுனிகள் மட்டும். ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை கையால் மெல்லத் துவைத்ததுமே அங்கே ஓட்டை விழுந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். "நீட்டிக்கிட்டிருந்த நூலைத்தான் எடுத்தோம். துணி பழசு, அதான் விட்டுப்போச்சு" என்றார்கள். இது உண்மையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நெய்த துணியில் நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பின்னலில் அப்படி இல்லை. ஒரே நூல் வரிசை முழுக்கக் கண்ணி கண்ணியாக வளைந்து போகிறது, ஒவ்வொரு கண்ணியும் கீழ் வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. மோதிரம், உடைந்த நகம், வெல்க்ரோ, பூனை நகம் என எது ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தாலும், அந்த நீளம் பக்கத்துக் கண்ணிகளிலிருந்துதான் வருகிறது. தளர்வாகப் பின்னிய துணியிலும் வழுவழுப்பான நூலிலும் இது சுலபமாக நடக்கும், ஏனென்றால் நூலைப் பிடித்து நிறுத்த உராய்வு போதாது.

என் ஸ்வெட்டரில் 3 செ.மீ. வளையம் என்றால் ஏறியும் இறங்கியும் 6 செ.மீ. நூல். ஒரு கண்ணிக்குச் சுமார் 1 செ.மீ. என்று வைத்தாலும், ஆறு கண்ணிக்கான நூல் அது. இருபக்கக் கண்ணிகளும் தம் பங்கைக் கொடுத்துவிட்டு இறுகி நிற்கின்றன. அதை வெட்டினால் அந்த நீளம் இனி திரும்பி வராது. அதோடு, வெட்டிய கண்ணி பிடித்திருந்த கீழ் வரிசைக் கண்ணிக்குப் பிடி போய்விடுகிறது. துணி இழுபட இழுபட அது கீழ்நோக்கிப் பிரியத் தொடங்கும். துணி புதிதாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

சரி, எப்படிச் செய்திருக்க வேண்டும்? முதலில் ஊசியே வேண்டாம். வளையத்தின் இருபுறமும் துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல இழுத்து இழுத்து விட்டால், சின்ன வளையம் பல நேரம் தானே உள்ளே போய்விடும். போகாவிட்டால் மொட்டை முனை ஊசி எடுத்து, வளையத்துக்கு அடுத்த இறுகிய கண்ணியைச் சற்றே பெரிதாக இழுங்கள். வளையம் அந்த அளவு குறையும். இப்போது பெரிதான அந்தக் கண்ணியின் உபரியை அதற்கடுத்த கண்ணிக்குத் தள்ளுங்கள். இப்படியே சுருக்கம் முடியும் இடம் வரை போய், மறுபக்கமும் அதே போல. கூர்முனை ஊசி வேண்டாம், நூலைப் பிளந்துவிடும்.

இதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் மெல்லிய குரோஷே ஊசியை உள்பக்கத்திலிருந்து, வளையம் கிளம்பும் அதே இடத்தில் நுழைத்து, நூலைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். எடுத்ததுமே இதைச் செய்தால் வளையம் மறையும், சுருக்கம் மறையாது. கம்பளி என்றால் கடைசியில் அயர்ன் பாக்ஸைத் துணியில் படாமல் மேலே பிடித்து நீராவி காட்டலாம், கண்ணிகள் சமமாக அமரும். அக்ரிலிக்கில் இதைச் செய்யாதீர்கள், சூட்டில் துணி தொய்ந்துவிடும், பழைய நிலைக்கு வராது.

வளையமாக இல்லாமல் ஒற்றை நுனி நீட்டிக்கொண்டிருந்தால் நூல் ஏற்கெனவே அறுந்திருக்கிறது. அதை உள்ளே இழுத்தால் ஓட்டை பெரிதாகும். அவிழ்ந்து நிற்கும் கண்ணியைச் சேஃப்டி பின்னில் மாட்டிவிட்டு, பின்னல் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது, நூலை வெட்டுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். நான் இழுத்துப் பார்த்திருந்தால் அந்த இடைவெளி அங்கேயே தெரிந்திருக்கும்.