இன்ஸ்டா ஆக்‌ஷன் பிளாக்: எது சில மணி நேரம், எது சில வாரம்?

ஒரு போட்டோவுக்கு லைக் போடுகிறீர்கள். இதயம் சிவந்து, அடுத்த நொடியே பழையபடி வெறும் கோடாகிவிடுகிறது. மறுபடி தட்டினால் `Try Again Later` என்று ஒரு பெட்டி வருகிறது. எப்போது திரும்பி வரலாம் என்று அதில் இருக்காது. வேறு சிலருக்கு வரும் பெட்டியில் தேதியே போட்டிருக்கும்: `This block will expire on` என்று தொடங்கி, பக்கத்தில் ஒரு நாள்.

இரண்டையும் நம் ஆட்கள் 'ஆக்‌ஷன் பிளாக்' என்றே சொல்கிறார்கள். ஆனால் தேதி இல்லாத பிளாக்கும் தேதி போட்ட பிளாக்கும் வேறு வேறு காரணத்தால் வருபவை. எத்தனை நாள் நீடிக்கும் என்பது பெரும்பாலும் அந்தக் காரணத்தைப் பொறுத்தது. லைக்கா, ஃபாலோவா, கமென்ட்டா என்பது அதற்கு அடுத்துதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, கற்பனையாக இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் வீட்டிலிருந்தே நடக்கும் சின்ன வியாபாரம். ஒன்று கேக், இன்னொன்று சேலை.

கேக் பக்கம்: வேகத்தால் வந்த பிளாக்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. கேக் பக்கம் நடத்துபவர் இரவு சாப்பாடு முடிந்து போனை எடுத்து உட்காருகிறார். ஊரில் பெயர் பெற்ற ஒரு பேக்கரியின் ஃபாலோயர் பட்டியலைத் திறந்து, மேலிருந்து வரிசையாக ஃபாலோ தட்டிக்கொண்டே போகிறார். அரை மணியில் நூறைத் தாண்டிவிட்டது. நடுநடுவே புதிதாகக் கண்ணில் பட்டவர்களின் பதிவில் "சூப்பர்! தீபாவளி ஆர்டருக்கு மெசேஜ் பண்ணுங்க" என்ற ஒரே வரியை காப்பி பேஸ்ட் செய்கிறார். பத்தரை மணிக்கு ஃபாலோ பட்டன் `Following` என்று மாறி, உடனே `Follow` என்று திரும்புகிறது. அதன்பின் பெட்டி வருகிறது. தேதி இல்லை.

இது வேகத்தைப் பார்த்து எந்திரம் தானாகப் போட்ட பிளாக். ஆள் தட்டினாலும் பாட் தட்டினாலும் அதற்கு ஒன்றுதான். குறுகிய நேரத்தில் ஒரே செயல், அதுவும் முன்பின் பழக்கமில்லாத கணக்குகள் மேல். இந்த வகை பொதுவாக சில மணி நேரத்தில் விடும். பலருக்கு 24 மணி நேரம், சிலருக்கு இரண்டு நாள் ஆகிறது. இவை அனுபவத்தில் தெரிந்த கணக்குகள்தான். இன்ஸ்டாகிராம் இதற்கென்று அட்டவணை எதுவும் வெளியிடுவதில்லை.

வெளியிடாததற்குக் காரணமும் ஊகிக்க முடிந்ததுதான். மணிக்கு இத்தனை என்று சொல்லிவிட்டால் பாட் எழுதுபவர் அதற்கு ஒன்று குறைத்து ஓட்டுவார். அதனால் "மணிக்கு 60 ஃபாலோ, நாளைக்கு 500 லைக்" என்று சுற்றும் படங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பல வருடப் பழைய கணக்கு தாங்கும் வேகம் போன வாரம் தொடங்கிய கணக்குக்குத் தாங்காது.

கேக் பக்கத்தில் முக்கியமான கட்டம் அடுத்த நாள் வருகிறது. காலையில் எழுந்ததும் ஒரு ஃபாலோ தட்டிப் பார்க்கிறார்; இல்லை. பத்து மணிக்கு ஒன்று; இல்லை. மதியம் ஐந்தாறு. எந்திரத்தின் பார்வையில் இது பிளாக் போட்ட பிறகும் நிற்காத கணக்கு. இப்படித் தட்டித் தட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு நாளில் போக வேண்டியது மூன்று நாள், ஒரு வாரம் என்று இழுப்பதை நிறையப் பேர் சொல்லக் கேட்கலாம். பிளாக் விட்ட அன்றே பழைய வேகத்தில் ஆரம்பித்தாலும் அதே கதைதான். இரண்டாவது பிளாக் முதலாவதைவிட நீளமாகவே வரும்.

சேலைப் பக்கம்: பாஸ்வேர்டு கொடுத்து வாங்கிய பிளாக்

சேலைப் பக்கக்காரர் கையால் எதுவும் தட்டவில்லை. "ஒரு வாரத்தில் ஆயிரம் ஃபாலோயர்" என்று விளம்பரம் பார்த்து, ஒரு ஆப்பில் தன் இன்ஸ்டா யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் போட்டார். அந்த ஆப் அவர் பெயரில் ராப்பகலாக முன்பின் தெரியாதவர்களை ஃபாலோ செய்கிறது, லைக் போடுகிறது, இரண்டு நாள் கழித்து அன்ஃபாலோவும் செய்கிறது. மூன்றாம் நாள் பெட்டி வருகிறது. அதில், லைக்கோ ஃபாலோயரோ கூட்டித் தரும் சேவையோடு கணக்கைப் பகிர்வது விதிக்கு எதிரானது என்ற வரியும், பிளாக் முடியும் தேதியும் இருக்கின்றன.

இந்த ஆப்களை இன்ஸ்டாகிராம் வெளிப்படையாகக் குறிவைத்தது 2018 நவம்பரில். அவற்றின் வழியாக வந்த லைக், ஃபாலோ, கமென்ட்டை நீக்கப்போவதாகவும், பயன்படுத்தியவர்களுக்கு ஆப்புக்குள்ளேயே செய்தி அனுப்பி பாஸ்வேர்டு மாற்றச் சொல்வதாகவும் அப்போது அறிவித்தது. இந்த வகை பிளாக் மணிக்கணக்கில் விடாது. ஒரு வாரம், இரண்டு வாரம் சாதாரணம். மறுபடி மறுபடி மாட்டியவர்களுக்கு ஒரு மாதம் வரைகூடப் போகிறது. ஒரே நல்ல விஷயம், தேதி கையில் இருக்கிறது.

கேக் பக்கக்காரருக்குச் சும்மா இருந்தாலே போதும். சேலைப் பக்கக்காரர் சும்மா இருந்தால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் ஆப் சும்மா இல்லை. போனிலிருந்து அதை அழித்துவிட்டாலும் பாஸ்வேர்டு அந்தச் சேவையின் சர்வரில் இருக்கிறது, அங்கிருந்தே ஓடும். அவர் செய்ய வேண்டியது: பாஸ்வேர்டை மாற்றும்போது மற்ற சாதனங்களிலிருந்து வெளியேறும் தேர்வையும் டிக் செய்வது, செட்டிங்ஸில் `Apps and websites` பக்கத்தில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குவது, எந்தெந்தப் போனில், எந்த ஊரிலிருந்து லாகின் இருக்கிறது என்று காட்டும் பட்டியலில் நம்முடையது அல்லாததை வெளியேற்றுவது. `Apps and websites` காலியாக இருந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பாஸ்வேர்டை நேராகக் கேட்டு வாங்கும் ஆப்கள் அந்தப் பட்டியலில் வராமலும் போகலாம்.

மூன்று பட்டன்கள்

ஒரே காரணத்துக்குள் பார்த்தால், லைக் பிளாக் தான் சீக்கிரம் விடுவது. ஃபாலோ பிளாக் இழுக்கும், ஏனென்றால் ஆள் சேர்க்கும் பாட்களின் முக்கிய ஆயுதமே ஃபாலோ, அன்ஃபாலோதான். அன்ஃபாலோவும் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே உட்காரலில் இருநூறு பேரைக் கழற்றினாலும் மாட்டும். கமென்ட்டில் எண்ணிக்கையைவிட ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவதுதான் காட்டிக்கொடுக்கிறது. ஒரு கமென்ட்டில் ஐந்து பேருக்கு மேல் டேக் செய்தாலும் அது போகாது. அது பிளாக் அல்ல, அந்த ஒரு கமென்ட்டுக்கான தடைதான். டேக்கைக் குறைத்தால் போய்விடும்.

பிளாக் மாதிரியே தோன்றும் வேறு இரண்டையும் இங்கே பிரித்துவிடலாம். ஏற்கெனவே 7,500 பேரை ஃபாலோ செய்தவருக்கு 7,501-ஆவது ஆள் சேராது. அது உச்சவரம்பு, எத்தனை நாள் காத்திருந்தாலும் யாரையாவது விட்டால்தான் இடம். இன்னொன்று `Please wait a few minutes before you try again`. இது பெரும்பாலும் இணைப்பைச் சேர்ந்தது. விபிஎன் போட்டிருந்தால் அதன் முகவரியை இன்னும் நூறு பேர் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள், அவர்களின் தட்டலும் உங்கள் தலையில் விழும். விபிஎன்னை அணைத்து, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி ஒரே ஒரு முறை பாருங்கள். சரியானால் சிக்கல் இணைப்பில், ஆகாவிட்டால் கணக்கில். அதற்கு மேல் நெட்வொர்க் மாற்றி மாற்றிச் சோதிப்பது, தட்டித் தட்டிப் பார்ப்பதன் இன்னொரு வடிவம்.

மற்ற ஊர்களில் எப்படி?

இன்ஸ்டாவின் மௌனம் எரிச்சலாக இருந்தால் பக்கத்து வீடுகளையும் பார்க்கலாம். எக்ஸ் தளம் ஃபாலோ வரம்பை எழுதியே வைத்திருக்கிறது: சாதாரணக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 400 பேர். யூடியூப் 2022 டிசம்பரில் அறிவித்த முறைப்படி, விதி மீறிய கமென்ட்டுக்கு முதலில் எச்சரிக்கை, தொடர்ந்தால் 24 மணி நேரம் வரை கமென்ட் போட முடியாது. ஃபேஸ்புக் 2023 பிப்ரவரியில் அறிவித்த படிக்கட்டில் ஏழாவது மீறலுக்கு ஒரு நாள், பிறகு மூன்று, ஏழு, கடைசியில் 30 நாள் பதிவிடத் தடை. ஆனால் கடைசி இரண்டும் என்ன எழுதினோம் என்பதற்கான தண்டனை. இன்ஸ்டாவின் ஆக்‌ஷன் பிளாக் எப்படி நடந்துகொண்டோம் என்பதற்கானது. அதனால் ஃபேஸ்புக்கின் 30 நாளை இன்ஸ்டாவின் வேக பிளாக்குக்கும் பொருத்திப் பயப்படுபவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள்.

காத்திருப்பதா, முறையிடுவதா, அழித்துப் போடுவதா

பெட்டியில் `Tell us` இருந்தால் ஒரு தடவை தட்டுங்கள். பதில் கடிதம் எதிர்பார்க்க வேண்டாம், செலவும் இல்லை. செட்டிங்ஸில் `Account Status` திறந்தால் எந்த வசதி உங்களுக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று சில நேரம் அங்கே தெரியும், மறுபரிசீலனை கேட்கவும் வழி இருக்கும். ஆனால் குறுகிய வேக பிளாக் பல நேரம் அங்கே காட்டவே காட்டாது, எல்லாம் பச்சையாக இருக்கும்.

ஆப்பை அழித்து மறுபடி போடுவது நம்மூரின் சர்வரோக நிவாரணி. பிளாக் இருப்பது போனில் அல்ல, கணக்கில். அழித்துப் போட்டால் ஆப் சிக்கியிருந்தது மட்டும் சரியாகும். லாகின் செய்யும் நேரத்தில் ஓடிபி பழைய நம்பருக்குப் போனால் கூடுதல் தலைவலி. இன்னொரு கணக்கு தொடங்கி அதில் அதே வேகத்தில் தொடர்வது இதைவிட மோசம். புதுக் கணக்குக்குத் தாங்கும் சக்தி குறைவு, முதல் நாளே மாட்டும்.

ஆக, என் ஓட்டு காத்திருப்பதற்கே. கேக் பக்கத்துக்கு: இரண்டு முழு நாள் அந்தப் பட்டனைத் தொடாமல் இருந்து, மூன்றாம் நாள் தெரிந்த ஒருவரை ஃபாலோ செய்து பார்ப்பது, போனால் அன்றைக்கு நாலைந்து பேரோடு நிறுத்துவது. சேலைப் பக்கத்துக்கு: பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, தேதி வரும்வரை விட்டுவிடுவது. ஃபாலோ பூட்டியிருக்கும்போதும் பெரும்பாலும் ஸ்டோரி போகும், பதிவு போகும், வந்த மெசேஜுக்குப் பதில் போகும். தீபாவளி ஆர்டர் கேட்டு எழுதியவருக்கு விலைப் பட்டியல் அனுப்ப ஃபாலோ பட்டன் தேவையில்லை.