மறைந்தான், மறைத்தான்: நன்னூலும் உருபனியலும்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத் தமிழ் படிக்கும் பிள்ளை பகுபத உறுப்பிலக்கணத்தை இப்படித்தான் எழுதும்:

மறைந்தான் = மறை + த்(ந்) + த் + ஆன்
மறைத்தான் = மறை + த் + த் + ஆன்

இரண்டிலும் பகுதி மறை, இறந்தகால இடைநிலை த், விகுதி ஆன். முதலாவதில் சந்தித் தகரம் நகரமாய் விகாரப்பட்டது. இரண்டாவதில் அப்படியே நின்றது. ஆனால் ஒருவன் தானே மறைவது வேறு, ஒரு பொருளை மறைப்பது வேறு. இந்தத் தன்வினை, பிறவினை வேறுபாடு முழுவதும், பொருள் தராத உறுப்பென்று நாம் கற்பிக்கும் சந்தியில் போய் நிற்கிறது. மரபுப் பகுப்பின் மெய்யான இடர் இதுதான்.

சொல்லைப் பொருள் தரும் மிகச் சிறிய கூறுகளாகிய உருபன்களாகப் பகுக்கும் நவீன மொழியியலார், அதாவது உருபனியலார், இங்கே சந்தியைத் தனியே பிரிப்பதில்லை. ந்த், த்த் இரண்டையும் இறந்தகால உருபன் இடத்துக்கேற்ப எடுக்கும் வேறு வேறு வடிவங்களாக, மாற்றுருபுகளாகக் கொண்டு, வினைகளையே வகுப்புகளாகப் பிரிப்பார்கள். மறைகிறான், மறைவான் ஒரு வரிசை. மறைக்கிறான், மறைப்பான் இன்னொரு வரிசை. மூன்று காலத்திலும் அதே பிரிவு திரும்பி வருவதால், இது ஒலி இணைப்பில் தற்செயலாக வந்த மாற்றமன்று என்பது வெளிப்படை. இந்த இடத்தில் நவீனப் பகுப்பே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் எங்கள் பேச்சுக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. எரிந்தது என்பதை எரிஞ்சுது என்கிறோம். எரித்தான் எரிச்சான் ஆகிறது, படித்தான் படிச்சான் ஆகிறது. நடந்தான் மட்டும் நடந்தானாகவே இருக்கிறது. காரணம் எளிது: பகுதி இ, ஐ என முடிந்தால் அடுத்து வரும் ந்த் ஞ்ச் ஆகும், த்த் ச்ச் ஆகும், நட அகரத்தில் முடிகிறது. மாற்றுருபுகளை வெறுமனே பட்டியலிடுபவர் ஞ்ச், ச்ச் இரண்டையும் புதிதாகச் சேர்க்கவேண்டும். நன்னூல் வழி போகிறவருக்கு ஒரு விகார விதி போதும். த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளைச் சுருக்கி, மிச்சத்தைப் புணர்ச்சியிடம் விட்ட பவணந்தியாரின் முறைக்கு இந்த வலிமை உண்டு. 1954இல் அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஹொக்கெற் உருபுகளை அடுக்கிக் காட்டும் முறை, மாற்றங்களை விதியாகச் சொல்லும் முறை என இரண்டு மாதிரிகளைப் பிரித்துக் காட்டினார். நன்னூல் இரண்டாவதற்கே நெருக்கம். ஆகவே மரபை ‘பழையது’ என்று தள்ளுபவர்கள் நவீனக் கோட்பாட்டின் ஒரு பாதியையும் சேர்த்தே தள்ளுகிறார்கள்.

இரண்டுக்கும் பிடிகொடாத வினையும் உண்டு. நடந்தான் என்பதில் மறைந்தானைப் போல ந்த். நடக்கிறான், நடப்பான் என்பவற்றில் மறைக்கிறான், மறைப்பான் போல வல்லினம் இரட்டிக்கிறது. ஆனாலும் நட தன்வினைதான். மரபு த் ந் ஆனது என்று சொல்லி நகர்கிறது, ஏன் ஆனது என்பதில்லை. உருபனியலோ இருத்தல், பறத்தல், கிடத்தல் ஆகியவற்றோடு அதைத் தனி வகுப்பில் வைக்கிறது. எந்த வினை அங்கே சேரும் என்பதை மனப்பாடம்தான் செய்யவேண்டும்.