மூன்று வெயில் பார்த்த தேனீப் பெட்டி: வாசலில் தொங்கும் அந்தக் கொத்து

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊர் மரப்பொந்துகளில் வாழும் ஆசியத் தேனீதான், ஏப்பிஸ் செரானா. பெட்டியின் மேல் தகர மூடி. அந்த மூடி எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டது.

முதல் ஏப்ரல். மாலை நான்கு மணி. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, உங்கள் தேனீ எல்லாம் வெளியே வந்துவிட்டது, கூட்டை விட்டுப் போகப் போகிறது போல" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன். வாசலிலிருந்து பெட்டியின் முன்பலகை முழுவதும் பரவி, அடியில் ஒரு முழ நீளத்துக்குத் தாடிபோல் தொங்கிக்கொண்டிருந்தன. பதறிப்போய்த் தண்ணீர் தெளித்தேன். அது தவறு. அமைதியாக இருந்தவை கலைந்து பறந்து, என் காதில் இரண்டு கொட்டும் விழுந்தது.

உண்மையில் அவை எங்கும் போகவில்லை. புழு வளரும் அடைகளைத் தேனீக்கள் ஏறக்குறைய 33 முதல் 36 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டிய சூடு நீடித்தால் புழுக்களுக்குக் கேடு. ஒவ்வொரு தேனீயின் உடலும் வெப்பத்தை விடுகிறது. அதோடு, அடைகளுக்கிடையே நெருக்கியடித்து நின்றால் காற்று ஓடவும் வழியிருக்காது. ஆகவே அந்நேரம் உள்ளே வேலை இல்லாதவை வெளியேறி இடம் விடுகின்றன. புழுக்களைப் பராமரிப்பவை உள்ளேயே இருக்கின்றன. மாலையில் கொத்து பெரிதாவதற்கும் காரணம் இதுவே: பகலெல்லாம் பூக்களுக்குப் போனவை அப்போதுதான் வீடு திரும்புகின்றன.

அடைகளில் தண்ணீர்த் துளிகளைப் பரப்பி, சிறகடித்து ஆவியாக்கிக் குளிர்விக்கும் வழியும் அவற்றுக்கு உண்டு. ஆனால் கொழும்பின் கடற்காற்றில் ஈரம் அதிகம். கொடியில் போட்ட துணியே சீக்கிரம் காயாத மாலைகளில் அந்தத் தண்ணீர் மட்டும் எப்படி விரைந்து ஆவியாகும்? அதனால்தான் வெயில் இறங்கிய பிறகும், சில இரவுகளில் பத்து மணிவரைகூட, கொத்து கலையாமல் இருப்பதாக நினைக்கிறேன்.

வாசலில் சிறகடிப்பவற்றை ஒரு நாள் மிக அருகில் கவனித்தேன். இந்த இனம் தலையை வெளிப்பக்கம் திருப்பி, வாலை வாசலுக்குக் காட்டி நிற்கும். மேற்கத்திய இனம் இதற்கு எதிர்மாறாக நின்று உள்காற்றை வெளியே இழுக்கும். ஒரு குச்சியில் நூலைக் கட்டி அவற்றின் பின்னால் பிடித்தேன். நூல் உள்பக்கமாக வளைந்தது. அவை வெளிக்காற்றை உள்ளே தள்ளுகின்றன.

அடுத்த வாரம் வெப்பமானியை மூடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு 42 பாகை. தகரம் நேராகப் பலகையில் படிந்து கிடந்ததுதான் கோளாறு. நான்கு மூலையிலும் இரண்டு அங்குலக் கட்டை வைத்து மூடியை உயர்த்தினேன். அதன்மேல் கிடுகு வேய்ந்த சிறு பந்தல் போட்டேன். சிரட்டைகளில் கூழாங்கற்கள் இட்டு, தேனீக்கள் மூழ்காமல் குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்தேன். அதே நேரத்தில் பார்த்தபோது 36 இருந்தது. முழ நீளத் தாடி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. அந்த உள்ளங்கை அளவு இன்றும் ஏப்ரல் மாலைகளில் தொங்குகிறது, அதை நான் தொடுவதில்லை. காற்றுக்காக வாசலையும் அகலமாக்கிப் பார்த்தேன். எறும்பு ஏறியது, பழையபடி ஒடுக்கிவிட்டேன்.

ஆனால் எல்லாக் கொத்தும் வெக்கைக் கொத்தல்ல. இரண்டாம் ஆண்டில் மழை தூறிக் குளிர்ந்திருந்த ஒரு காலையிலும் அவை வெளியே குவிந்திருந்தன. மகரந்தம் சுமந்து வருபவை அரிதாகவே தெரிந்தன. சந்தேகப்பட்டுச் சட்டங்களைத் தூக்கினேன். இரண்டு அடைகளின் கீழ் விளிம்பில் நிலக்கடலைபோல், புது இராணி வளரும் இராணி அறைகள் தொங்கின, ஒன்று மூடியும் இருந்தது. அது பிரிந்து போகும் கூட்டம். அன்றே பழைய இராணியோடு மூன்று சட்டங்களை, நன்கு வளர்ந்த ஓர் இராணி அறையைப் பழைய பெட்டியிலேயே விட்டுவிட்டு, இரண்டாம் பெட்டிக்கு மாற்றினேன்.

அதன்பின் கொத்தைக் கண்டால் முதலில் வானத்தைப் பார்க்கிறேன். வெக்கையும், கால்களில் மகரந்த உருண்டைகளோடு வந்து இறங்குபவையும் இருந்தால் பெட்டியைத் திறப்பதில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு முன்பலகை வெறுமையாக இருக்கிறதா என்று மட்டும் போய்ப் பார்க்கிறேன்.