ரவுட்டர் ஆன்டெனா: எஸ்எம்ஏ-வும் ஆர்பி-எஸ்எம்ஏ-வும், நாலு வருஷ அனுபவம்

ஆன்டெனா கழட்டி மாட்டுற மாதிரி ரவுட்டர் ஒண்ணு நாலு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், ரெண்டு ஆன்டெனா, பின்னாடி திருகுற டைப். ரவுட்டர் பத்தி குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த திருகுற இடத்துல இருக்கிற சின்ன கனெக்டர், எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏன்னு பாக்க ஒரே மாதிரி ரெண்டு வகையில வர்றது, என்னை எட்டு மாசம் சுத்தல்ல விட்டுச்சு, அதைத்தான் விலாவாரியா எழுதறேன், ஆன்டெனாவோ உள்ள போற கேபிளோ மாத்தப் போறவங்களுக்கு கண்டிப்பா உதவும்.

ரெண்டாவது வருஷம் ஒரு ஆன்டெனா சாக்கெட் லூஸாகி, ஆன்டெனாவைத் திருகும்போது சாக்கெட்டும் சேர்ந்தே சுத்த ஆரம்பிச்சுது. அப்படி சுத்திச் சுத்தி உள்ள போற மெல்லிசு ஒயர் முறுக்கிக்கிட்டு அறுந்துடுச்சு. அந்த ஒயருக்கு பிக்டெயில்னு பேரு, ஒரு முனை போர்டுல பட்டன் மாதிரி அமுங்கி உக்காரும், இன்னொரு முனைதான் வெளிய தெரியற மரை போட்ட சாக்கெட். சரி இது சின்ன வேலைதானேன்னு ஆன்லைன்ல "எஸ்எம்ஏ ஃபீமேல் பிக்டெயில்"னு தேடி வாங்கி நானே மாட்டிட்டேன். ஆன்டெனா அழகா திருகி கடைசி வரைக்கும் போச்சு, ஆடல அசையல. முடிஞ்சுதுன்னு மூடி வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, ரவுட்டர் இருக்கிற ரூம்ல ஸ்பீடு எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு, ரெண்டு சுவர் தாண்டினா மட்டும் வீடியோ கால் தடுமாறும். நானும் சேனலை மாத்தினேன், ரவுட்டரை இடம் மாத்தினேன், ஃபர்ம்வேர் மாத்தி ஓபன்டபிள்யூஆர்டி போட்டேன். அதைப் போட்டதுதான் நல்லதா போச்சு, ஏன்னா அதுல ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனியா சிக்னல் எவ்வளவு வருதுன்னு பாக்கலாம்:

```
iw dev wlan0 station dump
```

சில ரவுட்டர்ல wlan0-க்குப் பதிலா phy0-ap0 மாதிரி பேர் இருக்கும், `iw dev`னு மட்டும் அடிச்சா அது தெரிஞ்சுடும். லேப்டாப்பை மூணு மீட்டர் தள்ளி வச்சுட்டுப் பாத்தப்ப எனக்கு வந்த வரி இது:

```
signal: -51 [-51, -73] dBm
```

அடைப்புக்குள்ள இருக்கிற ரெண்டு நம்பரும் ரெண்டு ஆன்டெனா. ஒரே ரவுட்டர், ஒரே தூரம், ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் 22 டெசிபல் வித்தியாசம், அதாவது ரெண்டாவது பக்கம் வர்ற பவர் 150 மடங்குக்கு மேல கம்மி. நாலஞ்சு டெசிபல் முன்ன பின்ன இருந்தா அது சகஜம், லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பினாலே மாறிடும், ஆனா எங்க வச்சுப் பாத்தாலும் ஒரே பக்கம் 20 கிட்ட அடி வாங்குதுன்னா அது வேற விஷயம். ரெண்டு ஆன்டெனாவையும் இடம் மாத்தி மாட்டிப் பாத்தேன், அப்பவும் அதே போர்ட்தான் கம்மியா காட்டுச்சு. அப்ப ஆன்டெனா மேல தப்பில்ல.

அப்புறம்தான் ரெண்டு ஆன்டெனாவையும் கழட்டி சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன். கம்பெனி போட்ட சாக்கெட்ல வெளிய மரை, நடுவுல ஊசி மாதிரி ஒரு பின் நிக்குது. நான் மாட்டின சாக்கெட்லயும் வெளிய அதே மரைதான், நடுவுல பின் இல்ல, குட்டி ஓட்டை. ஆன்டெனா நட்டுக்குள்ள பாத்தா அங்கயும் ஓட்டை. ஓட்டையும் ஓட்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு எட்டு மாசம் இறுக்கி வச்சிருந்திருக்கேன், நடுக்கம்பி ஒழுங்கா சேரவே இல்ல. நடுவுல இருக்கிற இடைவெளி ரொம்பக் கம்மிங்கறதால கொஞ்சம் சிக்னல் தாவிப் போயிடும், அதனாலதான் பக்கத்துல எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரிஞ்சுது.

விஷயம் இதுதான். சாதா எஸ்எம்ஏ-ல நட்டு இருக்கிற பக்கம், அதாவது உள்மரை பக்கம், ஆண் வகை, அதைத்தான் மேல்னு சொல்றாங்க, அதுல பின் இருக்கும். வெளிமரை பக்கம் ஃபீமேல், அதுல ஓட்டை. ஆர்பி-எஸ்எம்ஏ-ல மரை அப்படியே இருக்கும், நடுவுல இருக்கிறது மட்டும் இடம் மாறிடும்: நட்டுக்குள்ள ஓட்டை, வெளிமரைக்குள்ள பின். மேல், ஃபீமேல்ங்கற பேரு மரையை வச்சுதான், பின்னை வச்சு இல்ல, குழப்பமே இங்கதான். வைஃபை ரவுட்டர் சாக்கெட் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ ஃபீமேல், அதாவது வெளிமரையும் பின்னும். 4ஜி ஆன்டெனா, ஜிபிஎஸ் ஆன்டெனா எல்லாம் பெரும்பாலும் சாதா எஸ்எம்ஏ. சிம் போடற ரவுட்டர் சிலதுல ரெண்டு வகையும் பக்கத்து பக்கத்துலயே இருக்கும், அங்க இன்னும் கவனமா பாக்கணும்.

ஆர்பின்னா ரிவர்ஸ் போலாரிட்டி, அப்படிப் பேரு வச்சதால சிக்னல் ஏதோ தலைகீழாகுதுன்னு நினைக்க வேண்டாம், மின்சார ரீதியா ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் 50 ஓம். அமெரிக்காவோட எஃப்சிசி விதி 15.203 என்ன சொல்லுதுன்னா, வாங்கறவங்க இஷ்டத்துக்கு வேற ஆன்டெனா போட முடியாதபடி நிரந்தரமா பொருத்தணும், இல்லாட்டி வழக்கமில்லாத கனெக்டர் போடணும். அதுக்குன்னுதான் இந்த பின் இடமாத்தம். இப்ப ரெண்டுமே எங்கயும் கிடைக்குது, அதனால அந்தத் தடை போச்சு, குழப்பம் மட்டும் நமக்கு மிச்சம்.

சரியான பிக்டெயில் வாங்கி மாட்டினதும் அதே இடத்துல வச்ச அதே லேப்டாப்புக்கு இப்படி வந்துச்சு:

```
signal: -48 [-51, -51] dBm
```

ரெண்டு சுவர் தாண்டி வீடியோ கால் அன்னைக்கே சரியாச்சு, இன்னைக்கு வரைக்கும் அப்படியே இருக்கு.

இதோட எதிர் கேஸும் ஒண்ணு பாத்துட்டேன். தம்பி தன்னோட 4ஜி ஆன்டெனாவை என் வைஃபை ரவுட்டர்ல மாட்டலாமான்னு கேட்டு கொண்டு வந்தான். நட்டுக்குள்ள பின், சாக்கெட்லயும் பின். ஒண்ணு ரெண்டு சுத்து போனதும் நின்னுடுச்சு, நட்டுக்குக் கீழ மரை பளிச்சுனு தெரிஞ்சுது. "இன்னும் கொஞ்சம் இறுக்குண்ணா"ன்னான், நான் விடல, அங்க பலம் போட்டா ஏதாவது ஒரு பின் வளையும், இல்ல உள்ள தள்ளிக்கிட்டுப் போயிடும், அப்புறம் சரியான ஆன்டெனா போட்டாலும் சேராது. இந்த தப்பு பரவால்ல, கைக்கே தெரிஞ்சுடுது. ஓட்டையும் ஓட்டையும் சேர்ற தப்புதான் மோசம், திருகும்போது எந்த அறிகுறியும் காட்டாது.

அடாப்டர் போட்டு சமாளிக்கலாம், ஒண்ணு போட்டா இழப்பு பெருசா இருக்காது. பின் இருக்கிற ரவுட்டர்ல பின் இருக்கிற ஆன்டெனா மாட்டணும்னா ரெண்டு முனையிலயும் ஓட்டை இருக்கிற அடாப்டர் வேணும், ஒரு முனை நட்டு, இன்னொரு முனை வெளிமரை. என் பழைய தப்பு பிக்டெயில் மாதிரி ரெண்டு பக்கமும் ஓட்டைன்னா ரெண்டு முனையிலயும் பின் இருக்கிறது. ஆனா அந்த 4ஜி ஆன்டெனா 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்க்கு செஞ்சதான்னு பாக்காம அடாப்டர் வாங்கி பிரயோஜனமில்ல, தம்பியோடது அப்படி இல்ல, அதனால வாங்கல.

இப்பல்லாம் ஆர்டர் போடறதுக்கு முன்ன தலைப்பை நம்பறதே இல்ல, சில கடையில மேல், ஃபீமேலை மாத்திப் போட்டிருக்காங்க. நேர் முன்னாடி இருந்து எடுத்த ஃபோட்டோ கேட்டு வாங்கி, மரை உள்ளயா வெளியயா, நடுவுல பின்னா ஓட்டையான்னு ரெண்டையும் பாத்துட்டுதான் காசு கட்டறேன். ஃபோட்டோ தர மாட்டேன்னா வேற கடை.