சோடியம் விளக்கின் செம்மஞ்சள்: படம் முழுவதற்கும் ஒரே வெண் சமநிலையா, பகுதி பகுதியான திருத்தமா?

2015-இல் தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டம் தொடங்கிய பின்னர் நம் ஊர்களில் சோடியம் விளக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆனால் இரவில் படம் எடுப்பவர்களுக்கு இதனால் வேலை எளிதாகவில்லை. முன்பு தெரு முழுவதும் ஒரே செம்மஞ்சளாக இருந்தது. இப்போது ஒரு கம்பத்தில் பழைய சோடியம் விளக்கும், அடுத்த கம்பத்தில் வெள்ளை எல்.இ.டி.யும், இடையில் கடைகளின் டியூப் லைட் வெளிச்சமும் ஒரே சட்டகத்துக்குள் வந்து விழுகின்றன. இந்தச் செம்மஞ்சளைத் திருத்த இரண்டு வழிகள் உள்ளன. வெண் சமநிலையை ஒரேயடியாகக் குளிர்ச்சிப் பக்கம் இழுத்துப் படம் முழுவதையும் திருத்துவது ஒன்று. வெண் சமநிலையை நடுவாந்தரமாக நிறுத்திவிட்டு, சோடியம் ஒளி விழுந்த இடங்களை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாகத் திருத்துவது மற்றொன்று. இரண்டையும் பல காலம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தபின் நான் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டேன்.

எந்த வழியில் போனாலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. நம் தெருக்களில் காணப்படும் உயர் அழுத்தச் சோடியம் விளக்கின் நிற வெப்பநிலை சுமார் 2000 கெல்வின். அதன் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டரைச் சுற்றிய மஞ்சள், செம்மஞ்சள் பட்டையில் குவிந்திருக்கிறது. நீலம் மிகக் குறைவு. ஆகவே ரா கோப்பில் நீல அலைவரிசை ஏறக்குறைய வெறுமையாகவே பதிவாகிறது. வெள்ளைச் சுவரை வெள்ளையாக்க வேண்டுமானால், மென்பொருள் அந்தச் சொற்ப நீலத்தை நான்கு மடங்கோ அதற்கு மேலோ பெருக்க வேண்டியிருக்கும். நான்கு மடங்கு என்பது இரண்டு ஸ்டாப். அதாவது ஐ.எஸ்.ஓ. 1600-இல் எடுத்த படத்தின் நீல அலைவரிசை, 6400-இல் எடுத்ததைப் போன்ற இரைச்சலோடு வெளிவரும். நிழல்களில் ஊதாவும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான். ஜேபெக் கோப்பில் நீலம் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டி நசுங்கிக் கிடப்பதால், பெருக்குவதற்குக்கூட எதுவும் இருக்காது. இந்த வேலைக்கு ரா கோப்பு கட்டாயம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கேமராவின் வெண் சமநிலையைக் கெல்வின் முறையில் அது இறங்கக்கூடிய கீழெல்லைக்கு, பல கேமராக்களில் 2500-க்கு, வைத்துக்கொள்வது நல்லது. ரா கோப்பின் தரவை இது மாற்றாது. ஆனால் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் உண்மைக்கு நெருக்கமாகும். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் சிவப்பு அலைவரிசை பெருக்கிக் காட்டப்படுவதால், வழியாத சிவப்பும் வழிந்ததாகத் தோன்றும். அதை நம்பி வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால், ஏற்கெனவே மெலிந்த நீலம் மேலும் மெலியும்.

முதல் வழியின் நடைமுறை மிகவும் எளியது. லைட்ரூமில் வெண் சமநிலைத் துளியிழுவையை எடுத்து, சோடியம் ஒளி விழும் வெள்ளைச் சுவரிலோ சாம்பல் நிறச் சிமெண்டிலோ ஒரு சொடுக்கு. பெரும்பாலும் Temp 2000-க்குப் போய் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். லைட்ரூமின் அளவுகோல் அதற்குக் கீழே இறங்காது என்பதால் சுவரில் கொஞ்சம் மஞ்சள் எஞ்சியிருக்கும். அதையும் நீக்க நினைப்பவர்கள் படம் முழுவதற்கும் ஒரு மாஸ்க் போட்டு, அதற்குள் Temp-ஐ இடப்பக்கம் தள்ளலாம். மாஸ்க்கிற்குள் இருக்கும் ஸ்லைடர் அந்த 2000 எல்லைக்குக் கட்டுப்பட்டதன்று. தெருவில் சோடியம் ஒளி மட்டுமே இருந்தால் இந்த வழி போதும். ஒரு படத்துக்குச் செய்த அமைப்பை, அதே தெருவில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் ஒட்டிவிடவும் முடியும்.

இரண்டாவது வழியை நான் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே: இரண்டு ஒளிகள் சந்திக்கும் எல்லை. வெண் சமநிலை என்பது சட்டகம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே எண். தெருவில் விழும் ஒளியோ அப்படி இருப்பதில்லை. கம்பத்தடியில் முழுவதும் சோடியம், நான்கடி தள்ளிப் பாதிக்குப் பாதி, கடை வாசலில் முழுவதும் எல்.இ.டி. என்று கலவை இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகிறது. 2000 கெல்வினுக்கு இறக்கிய படத்தில் சோடியம் விழுந்த பக்கம் சீராகும் அதே வேளையில், 6500 கெல்வின் அளவிலுள்ள எல்.இ.டி. பக்கம் கடும் நீலமாகிவிடும். தெளிந்த வானம் கருநீலத்திலிருந்து ஊதாவுக்குத் தாவும். செம்மஞ்சளை ஓர் இடத்திலிருந்து எடுத்து, நீலமாக வேறோர் இடத்தில் வைத்த கதைதான். கண்ணுக்கு மஞ்சள் தெருவிளக்கு பழகிய காட்சி. நீல முகம் அப்படியல்ல.

கும்பகோணத்தில் ஒரு கோயில் தெருவில் எடுத்த படத்தை வைத்து இதை விளக்குகிறேன். இடப்பக்கம் சுண்ணாம்பு அடித்த மதில், அதன்மேல் சோடியம் விளக்கு. வலப்பக்கம் மருந்துக்கடை, உள்ளே வெள்ளை எல்.இ.டி. இரண்டுக்கும் நடுவில் பூக்காரம்மா ஒருவர். கூடையில் மல்லிகையும் கனகாம்பரமும். மதிலில் துளியிழுவையை வைத்தவுடன் மதில் வெளுத்தது. ஆனால் மருந்துக்கடை நீலமாகி, கடைப் பக்கம் திரும்பியிருந்த கன்னம் வெளிறி, மல்லிகை இளம் ஊதாவாயிற்று. பூ வாங்க வருபவர் எவரும் அதை மல்லிகை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆகவே Temp-ஐ 3600-க்கு அருகில் நிறுத்தினேன். அந்த நிலையில் கடை சற்றே நீலமாகவும் மதில் நன்றாகவே செம்மஞ்சளாகவும் இருந்தன; இரண்டும் திருத்தக்கூடிய தூரத்தில் இருந்தன என்பதே முக்கியம். அடுத்து Color Range மாஸ்க்கை எடுத்து மதிலில் இரண்டு மூன்று இடங்களைத் தொட்டேன். இந்த மாஸ்க்கைத் தூரிகையைவிட மேலாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வெள்ளைப் பரப்பு எவ்வளவு செம்மஞ்சளாகத் தெரிகிறதோ அவ்வளவு சோடியம் ஒளி அங்கே விழுந்திருக்கிறது. எனவே நிறமே ஒளியின் வரைபடமாகிறது; அதை வைத்து உருவாகும் மாஸ்க் ஒளி மங்கும் இடத்தில் தானும் மங்குகிறது. தூரிகையால் வரைந்த விளிம்பு எவ்வளவு மென்மையானாலும், தரையில் ஒரு சாம்பல் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மாஸ்க்குக்குள் Temp-ஐ −55 வரை இறக்கி, Saturation-ஐ −15 ஆக்கினேன். செம்மஞ்சளை எடுத்தபின் மதிலில் இலேசான பச்சை எஞ்சியதால் Tint-ஐ +8 அளவு மெஜந்தா பக்கம் நகர்த்தினேன். கடைக்கு வேறொரு மாஸ்க், அதில் Temp +20. இந்த எண்கள் அந்த ஒரு படத்துக்கு உரியவை. விளக்கின் வயதும் தூரமும் மாறினால் இவையும் மாறும்.

இந்த வழியின் பெரிய ஆபத்தும் இதே மாஸ்க்கில்தான் இருக்கிறது. தானாகவே செம்மஞ்சளாக இருக்கும் பொருளையும், ஒளியால் செம்மஞ்சளான பொருளையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கனகாம்பரம் முழுவதும் மாஸ்க்கிற்குள் விழுந்து, உலர்ந்த பூவைப் போல மங்கிப்போனது. பூக்காரம்மாவின் முகத்திலும் பாதி உள்ளே வந்து, தோல் சாம்பல் பூத்தாற்போல் ஆயிற்று. Subtract செய்து தூரிகையால் கூடையையும் முகத்தையும் மாஸ்க்கிலிருந்து நீக்கினேன். பின்னர் முகத்துக்கு மட்டும் தனி மாஸ்க் போட்டு Temp-ஐ −20 அளவோடு நிறுத்தினேன். மாநிறத் தோலை நடுநிலைக்குக் கொண்டுவர முயலவே கூடாது. அதில் இயல்பாகவே இருக்கும் வெம்மையும் சேர்ந்து போய்விடும்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது. பத்து நிமிடம் திரையைப் பார்த்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும். ஹிஸ்டோகிராமுக்குக் கீழே, சுட்டி இருக்குமிடத்தின் சிவப்பு, பச்சை, நீல விழுக்காடுகளை லைட்ரூம் காட்டும். திருத்துவதற்கு முன் மதிலில் சிவப்பு 70, பச்சை 45, நீலம் 10 என்ற அளவில் இருந்தது. மூன்றையும் சமமாக்குவதை நான் விரும்புவதில்லை. சிவப்பு 62, பச்சை 57, நீலம் 48 என்பதுபோல் இறங்குவரிசையில் நின்றால், சுவர் வெள்ளைச் சுவராகத் தெரியும். மஞ்சள் விளக்கின் கீழே இருக்கிறது என்பதும் புரியும். நீலத்தை அதற்கு மேல் ஏற்றினால் முன்சொன்ன இரைச்சல் மதிலின் நிழல்களில் தலைகாட்டத் தொடங்குகிறது. நிற இரைச்சல் குறைப்பை அதன் வழக்கமான 25-இலிருந்து 40, 50 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் சிறு பூக்களின் நிறமே பக்கத்து இலையில் கரையும்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழியைப் பலர் சொல்வதுண்டு: வெண் சமநிலையைத் தொடாமல், நிறப் பகுதியில் ஆரஞ்சின் Saturation-ஐ மட்டும் குறைப்பது. அது நிறத்தைத் திருத்துவதில்லை, அழிக்கிறது. சோடியத்தின் கீழே எல்லாமே ஆரஞ்சு என்பதால், அதைக் குறைத்தால் படத்தில் பாதி கறுப்பு வெள்ளையாகிவிடும். மாஸ்க்கிற்குள் சிறிதளவு கை கொடுக்கலாம். தனி வழியாக அதை எண்ண வேண்டாம்.

கேமராவின் முன்னால் மாட்டும் டிடிமியம் வகைக் கண்ணாடி வடிகட்டி பற்றியும் கேட்பார்கள். 589 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அது உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி ஊதும் தொழிலாளர்கள் தங்கள் சுடரின் சோடியம் மஞ்சளை மறைக்க அணிவதும் இதே கண்ணாடிதான். இரவல் வாங்கிச் சில இரவுகள் மட்டுமே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், உறுதியான தீர்ப்பு சொல்லத் தயங்குகிறேன். நான் கண்டவரை, செம்மஞ்சள் கணிசமாகக் குறைந்தது, முழுவதும் போகவில்லை. உயர் அழுத்த விளக்கின் ஒளி அந்தக் குறுகிய பட்டைக்கு வெளியேயும் பரவியிருப்பதே காரணம். வெளிச்சமும் சற்றுக் குறைவதால் கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு அது ஒரு செலவு. வானத்தின் ஒளிமாசைக் குறைக்க நினைப்பவர்களுக்குத் தெருப்படம் எடுப்பவர்களைவிட அது அதிகம் உதவக்கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை முதல் வழிக்கே வெற்றி. பகுதி பகுதியான திருத்தத்துக்கு ஒரு படத்துக்குக் கால் மணி நேரமாவது பிடிக்கிறது. ஒரு படத்தின் தூரிகைப் பகுதிகளை அடுத்த படத்தில் அப்படியே ஒட்டவும் முடியாது. ஆகவே திருவிழா ஊர்வலம்போல் நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களுக்கு முதலில் எல்லாவற்றிலும் ஒரே வெண் சமநிலையை 2800-க்கு அருகில் ஒட்டிவிடுகிறேன். அச்சுக்கோ தொகுப்புக்கோ தேர்ந்தவற்றுக்கு மட்டும் மாஸ்க் வேலை. பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் ஒரு காலத்தில் பரவலாக இருந்த தாழ் அழுத்தச் சோடியம் விளக்கில் எடுத்த பழைய ரா கோப்புகள் கைக்கு வந்தால் இந்த இரண்டு வழிகளுமே வேண்டியதில்லை. அந்த விளக்கின் ஒளி ஏறத்தாழ ஒற்றை அலைநீளம் என்பதால், சிவப்புக் காரும் பச்சைக் காரும் வெளிச்ச அளவில் மட்டுமே வேறுபட்டுப் பதிவாகியிருக்கும். அவற்றை நேராகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடலாம்.