மாலை ஆறு மணிக்கு ஏழு வண்டி: குமரி மேற்கில் ஆம்புலன்ஸ் ஷிப்டை எப்படிப் போடலாம்?

ஆம்புலன்ஸ் போதவில்லை என்று யாராவது சொன்னால் உடனே "புது வண்டி கொடுங்கள்" என்பதுதான் நம் ஊர் வழக்கம். இருக்கிற ஆட்களை வைத்து, கூட்டம் வரும் நேரத்தில் அதிக வண்டி ரோட்டில் நிற்கும்படி செய்ய முடியுமா என்று பார்ப்பவர்கள் குறைவு. அதற்கு நாலு வழி சொல்லப்படுகிறது. நாலையும் ஒரே களத்தில் இறக்கிப் பார்த்துவிடலாம்.

களம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி. கணக்குக்காக ஆறு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை, குளச்சல், குலசேகரம், களியக்காவிளை என்று இடத்துக்கு ஒன்று. வண்டிக்கு ஒரு பைலட், அதாவது ஓட்டுநர், ஒரு இ.எம்.டி, அதாவது அவசர சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற உதவியாளர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், காலை எட்டு முதல் இரவு எட்டு, மறுபடி காலை எட்டு. ஆக ஒரு நாளைக்கு பன்னிரண்டு ஜோடி ஆட்கள். கீழே வரும் அழைப்பு எண்ணிக்கையும் நான் வைத்துக்கொண்டதுதான், எந்த அலுவலகத்தின் கணக்கும் இல்லை. மாலை ஆறு முதல் ஒன்பது வரை மணிக்கு 3 அழைப்பு, நள்ளிரவை ஒட்டிய ஏழு மணி நேரத்தில் மணிக்கு 0.8. மாலை தூக்கலாக இருப்பது மட்டும் கற்பனை இல்லை. நாடு முழுக்க சாலை விபத்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த மூன்று மணி நேரத்தில்தான் நடக்கிறது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன.

வழிகளுக்குள் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பலர் சறுக்குவது இங்கேதான். அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பதை மட்டும் எண்ணினால் உச்ச நேரம் தப்பாகத்தான் தெரியும். மார்த்தாண்டத்தில் ஏற்றிய ஆளை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் இறக்க ஒரு பக்கமே கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்து, ஆளை ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சரைத் திரும்ப வாங்கி, வண்டியைத் துடைத்துத் திரும்புவதற்குள் சராசரியாக ஒன்றரை மணி நேரம் போய்விடும் என்று வைத்தால், மணிக்கு 3 அழைப்பு என்பது எந்த நேரமும் 4.5 வண்டி ஓட்டத்தில் இருப்பது என்று ஆகிறது. எட்டே முக்காலுக்குக் கிளம்பிய வண்டி பத்தேகால் வரை கையில் இல்லை. அதாவது அழைப்பின் உச்சம் ஒன்பதோடு முடிந்தாலும் வண்டியின் நெருக்கடி பத்தரை வரை இழுக்கும். அழைப்பு வரைபடத்தைப் பார்த்து ஒன்பது மணிக்குக் கூடுதல் வண்டியை வீட்டுக்கு அனுப்பினால், நெருக்கடி இன்னும் முழுசாக இருக்கும்போதே அனுப்பியதாகிவிடும்.

முதல் வழி, இப்போது சொன்ன எட்டுக்கு எட்டு. இதில் ஒரே நல்ல விஷயம் எளிமை. யாருக்கும் குழப்பம் இல்லை, சம்பளக் கணக்கும் சுலபம். ஆனால் மாலைக் கூட்டத்தின் நடுவில், சரியாக எட்டு மணிக்கு, ஆறு வண்டியும் ஒரே நேரத்தில் ஆள் மாறுகின்றன. சார்ஜ் எடுப்பவர் ஆக்சிஜன் சிலிண்டர் அளவு, மருந்துப் பெட்டி, டயர், டீசல் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட கால் மணி நேரமாவது ஆகும். ஏழு ஐம்பதுக்கு வரும் கேஸை யார் எடுப்பது என்ற முணுமுணுப்பு வேறு. பகல் முழுக்க ஓடிய பைலட், ஆசாரிப்பள்ளம் போய்த் திரும்பினால் ஒன்பதரை ஆகும் என்று தெரிந்தும் சந்தோஷமாகக் கிளம்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. காகிதத்தில் ஆறு, எட்டு மணிக்கு ரோட்டில் மூன்றோ நாலோ.

இரண்டாவது வழி, ஆள் மாறும் நேரத்தைப் பிரித்துப் போடுவது. மூன்று வண்டி காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும் மாறட்டும், மற்ற மூன்று காலை பத்துக்கும் இரவு பத்துக்கும். ஒரு வண்டிகூடக் கூடவில்லை, ஒரு ரூபாய் செலவும் இல்லை, ஆனால் மாலைக் கூட்டத்துக்குள் எந்த வண்டியும் ஆள் மாறாது, பாதி வண்டிகளில் அப்போதுதான் வந்த தெம்பான ஆட்கள் இருப்பார்கள். இதை முதலில் செய்யாமல் வேறு எதையும் பேசுவது வீண் என்பது என் கருத்து. சிக்கல் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. இரவு பத்துக்கு டியூட்டி முடித்த இ.எம்.டி பெண்ணுக்கு குலசேகரத்திலிருந்து பஸ் கிடைக்குமா? காலை ஐந்துக்கு குளச்சலில் நிற்க வேண்டியவர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? அதனால் பத்து மணி ஷிப்டை நெடுஞ்சாலை ஓரத்து வண்டிகளுக்கும், ஐந்து மணி ஷிப்டை அந்தந்த ஊரிலேயே இருக்கும் ஆட்களுக்கும் கொடுத்தால்தான் இது நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் லீவு லெட்டர்கள் வந்து குவியும்.

மூன்றாவது வழிதான் உண்மையான போட்டியாளர். இரவில் நிற்கும் வண்டியைக் குறைத்து, மிச்சமாகும் ஆட்களை மாலைக்குக் கொண்டுவருவது. ஆறு வண்டி இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் 144 வண்டி-மணி. அதே 144-ஐ, ஐந்து வண்டி முழு நாள், இரண்டு வண்டி காலை பத்து முதல் இரவு பத்து வரை மட்டும் என்றும் பிரிக்கலாம். நாலு முழு நாள், நாலு பகல் என்றும் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் பன்னிரண்டு ஜோடி ஆட்கள்தான். மாறுவது வண்டியின் எண்ணிக்கை: முதல் பிரிப்புக்கு ஏழு வண்டி வேண்டும், இரண்டாவதுக்கு எட்டு.

எல்லா வண்டியும் ஓட்டத்தில் இருக்கும்போது அழைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட, டென்மார்க் தொலைபேசிப் பொறியாளர் ஏர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் கைகொடுக்கிறது. அவர் லைன் கிடைக்காத போன்களுக்குப் போட்ட கணக்கு அது, வண்டி கிடைக்காத நோயாளிக்கும் பொருந்தும். மேலே சொன்ன எண்களைப் போட்டால், பக்கத்தில் வண்டி இல்லாமல் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரவழைக்க வேண்டிய கேஸ்கள் ஏறக்குறைய இப்படி:

| பிரிப்பு | மாலை 6–9 | நள்ளிரவை ஒட்டி 7 மணி நேரம் |
|---|---|---|
| 6 முழு நாள் | வாரத்துக்கு 10 | 20 வாரத்துக்கு 1 |
| 5 முழு நாள் + 2 பகல் | வாரத்துக்கு 6 | மாதத்துக்கு 1 |
| 4 முழு நாள் + 4 பகல் | வாரத்துக்கு 3 | வாரத்துக்கு 1 |

எண்ணை மட்டும் பார்த்தால் கடைசி வரிசைதான் ஜெயிக்கும். நான் அதை எடுக்க மாட்டேன். இந்தச் சூத்திரத்துக்கு வண்டி எண்ணிக்கை தெரியும், தூரம் தெரியாது. முதலில் எந்த வண்டியை இரவில் எடுப்பது என்பதற்கு பதில் சுலபம்: குழித்துறை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மார்த்தாண்டம், அங்கே ஒரு வண்டி நிற்கிறது. ஆனால் இரண்டாவதாக எதை எடுப்பீர்கள்? குலசேகரத்தை எடுத்தால் பேச்சிப்பாறை மலையோரத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து வண்டி ஏற வேண்டும். குளச்சலை எடுத்தால் கடற்கரை ஊர்கள் தக்கலையை நம்ப வேண்டும். அட்டவணையில் இவர்களுக்கு வண்டி "கிடைத்தது" என்றுதான் பதிவாகும், ஆனால் எத்தனை நிமிடம் கழித்துக் கிடைத்தது என்பது அதில் வராது. தவிர, மாலை ஏழு மணிக்கு வண்டி தாமதமானால் ஆட்டோவோ பக்கத்து வீட்டுக் காரோ கிடைக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மலையோரத்தில் எது கிடைக்கும்?

அதனால் என் ஓட்டு ஐந்துக்கும் இரண்டுக்கும். பகல் வண்டி இரண்டில் ஒன்று குழித்துறையிலேயே நிற்கட்டும், இன்னொன்றை தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே அழகியமண்டபம் சந்திப்பில் நிறுத்தலாம். இரவு ஒன்பதுக்கு மேல் இந்த இரண்டுக்கும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நீண்ட கேஸ்களைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பத்து மணி ஷிப்ட் பன்னிரண்டில் முடியும். ஏழாவது வண்டி எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் மாற்று வண்டியாக வைத்திருப்பதிலிருந்துதான் எடுக்கச் சொல்வார்கள். அப்படி எடுத்துவிட்டு, ஒரு வண்டி பழுதாகி நின்றால் கையில் ஒன்றும் இருக்காது. இதற்கு ஓரளவு ஈடு உண்டு: பகல் வண்டி இரண்டும் இரவு பத்திலிருந்து காலை பத்து வரை சும்மா நிற்பதால், வழக்கமான பராமரிப்பை அப்போதே முடித்துக்கொள்ளலாம். முழு நாள் வண்டி சர்வீஸுக்குப் போகும் இரவில் இவற்றில் ஒன்றை அந்த இடத்தில் நிறுத்தலாம்.

நாலாவது வழி, ஒரே ஆளை காலை ஏழு முதல் பதினொன்று, மறுபடி மாலை ஐந்து முதல் ஒன்பது என்று இரண்டு துண்டாக வரச் சொல்வது. வரைபடத்தில் பிரமாதமாக இருக்கும். எட்டு மணி நேர வேலைக்குப் பதினாலு மணி நேரம் அந்த ஆளைக் கட்டிப்போடுகிறது. பஸ் தொழிலாளர்களை மனதில் வைத்து வந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே துண்டு வேலையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடக்கச் சொன்னது. இதை விட்டுவிடலாம்.

சரி, எந்த வழியை எடுத்தாலும் உச்ச நேரத்தைக் கணிக்கும் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. மாலையில் வண்டி இல்லை, அரை மணி ஆகும் என்று சொன்னதும் பலர் போனை வைத்துவிட்டு ஆட்டோவில் போய்விடுகிறார்கள். அது கேஸாகப் பதிவாவதில்லை. ஓடிய கேஸ்களை மட்டும் எண்ணினால், நெருக்கடி அதிகமான மணி நேரம்தான் அதிகமாகக் குறைத்துக் காட்டப்படும். ரத்தான அழைப்புகளையும் மணிவாரியாகச் சேர்த்து எண்ண வேண்டும். இன்னொரு பக்கம், பகல் எண்ணிக்கையில் தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளிலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கு மாற்றும் கேஸ்களும் கலந்திருக்கும். அவற்றில் காத்திருக்கக் கூடியவற்றை மதியம் இரண்டு மணிக்கு நகர்த்தினால், ஷிப்டைத் தொடாமலேயே கொஞ்சம் நெருக்கடி குறையும்.

மாற்றிய பிறகு பலன் உண்டா என்று பார்க்க நாள் முழுக்கச் சேர்த்த சராசரி நேரத்தைக் கேட்காதீர்கள். மாலையில் கூடிய லாபம் இரவில் வந்த நஷ்டத்தை மூடி மறைத்துவிடும். ஒரு வண்டிகூடக் காலியாக இல்லாத நிமிடங்கள் மாலையில் எத்தனை என்று தனியாகவும், இரவில் பத்தில் ஒன்பது கேஸ்களுக்கு எத்தனை நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர்ந்தது என்று தனியாகவும் எழுதி வாங்குங்கள். இரண்டாவது எண் குலசேகரத்திலும் குளச்சலிலும் ஏறத் தொடங்கினால் இரவு வண்டியை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

அப்புறம், ஒரே அட்டவணை வருஷம் முழுக்க ஓடாது. மண்டைக்காட்டு மாசிக்கொடை நாட்களில் அழகியமண்டபத்து வண்டி கடற்கரைப் பக்கம் போக வேண்டும், நேரமும் மாறும். கார்த்திகையிலிருந்து தை வரை சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் கன்னியாகுமரியைத் தொட்டுப் போவதால் நெடுஞ்சாலையில் விடியற்காலை வேன்கள் அதிகம், ஓட்டுநர்கள் தூங்காத கண்ணோடு வருவார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு பகல் வண்டிகளில் ஒன்றை அதிகாலை நாலு மணிக்கே தொடங்கி, மாலை நாலுக்கு விட்டுவிட்டு, மாலைக்கு ஆறு வண்டியோடு சமாளிப்பதா, இல்லை மாலைக்கு ஏழு வண்டியை விடாமல் பிடித்துக்கொள்வதா என்பதை முந்தின வருஷத்து அதே வாரங்களின் மணிவாரிக் கணக்கைப் பார்த்து ஐப்பசியிலேயே முடிவு செய்து, ஆட்களுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.