எந்த வேலையை முதலில் எடுப்பது? முயற்சி–பலன் கட்டம், சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பக்கத்து அபார்ட்மென்டில் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "சார், மீட்டிங்ல நாலு கட்டம் போட்டு ஒட்டுவீங்களே, அது நிஜமா உதவுதா? எங்க கமிட்டிலயும் போடலாமா?" போடலாம் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

கட்டம் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நிற்கும் கோடு பலன், படுக்கும் கோடு முயற்சி. இடது மேல் மூலையில் இருப்பதை உடனே செய். வலது மேலே இருப்பதைத் திட்டமிட்டுச் செய். இடது கீழே இருப்பதை நேரம் கிடைத்தால் பார். வலது கீழே இருப்பதை விட்டுவிடு. அவசரமா முக்கியமா என்று பிரிக்கும் அட்டவணை வேறு, இது வேறு. அது ஒருவர் தன் நாளைப் பிரித்துக்கொள்ள உதவுவது. இது, பணமும் ஆளும் போதாத இடத்தில் பல வேலைகளுக்குள் தேர்ந்தெடுக்க உதவுவது.

எங்கள் இடம் ஓஎம்ஆர் பக்கம். ஸ்டில்ட்டும் நான்கு மாடியும், 48 வீடுகள். போர் தண்ணீர் கோடையில் இறங்கிவிடும். அப்புறம் 12,000 லிட்டர் லாரிதான், தினம் இரண்டு. லாரிச் செலவைக் குறைக்கக் கமிட்டியில் ஆளுக்கு ஒரு யோசனை வந்தபோதுதான் இந்தக் கட்டத்தை முதலில் வரைந்தோம்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். பலன் என்ற சொல்லை அப்படியே விட்டால் கட்டம் ஒன்றுக்கும் ஆகாது. எல்லாருக்கும் அவரவர் யோசனை "பெரிய பலன்"தான். நாங்கள் அதற்கு ஒரு அலகு வைத்தோம்: மாதத்துக்கு எத்தனை லாரி குறையும்? அவ்வளவுதான். அதை வைத்ததும் கூட்டத்தின் பேச்சே மாறிவிட்டது. வெளிச்சுவர் பெயின்ட் அடிப்பது பட்டியலில் இருந்தது. அதனால் ஒரு லாரிகூடக் குறையாது என்பதால் அதைக் கட்டத்தை விட்டே எடுத்தோம். பெயின்ட் தேவையில்லை என்று அர்த்தமில்லை; சுவர்க் கசிவுக்கு அது வேண்டும். ஆனால் லாரியோடு அதை ஒரே தாளில் நிறுத்தி அளக்க முடியாது. ஒரே நோக்கத்துக்காகப் போட்டி போடும் வேலைகள் மட்டும்தான் ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும். இதைக் கடைப்பிடிக்காத கட்டங்களை நிறைய அலுவலகங்களில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

அந்த அலகு செய்த பெரிய நன்மை மழைநீர் விஷயத்தில். மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி சம்ப்புக்குக் கொண்டுவரலாம் என்பது எல்லாருக்கும் பிடித்த யோசனை. மாடி 1,500 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. சிந்துவது, ஆவியாவது போக 80 சதவீதம் கையில் வரும் என்று வைத்தால் 16,80,000 லிட்டர். அதாவது 140 லாரி! கேட்டவுடனே துண்டுக் காகிதத்தை உச்சியில் ஒட்டிவிட்டார்கள்.

பொருளாளர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: "சம்ப் எவ்வளவு கொள்ளும்?" 60,000 லிட்டர். ஒரே நாளில் 60 மில்லிமீட்டர் பெய்தால் மாடியில் இருந்து வருவது 72,000. சம்ப் காலியாக இருந்தாலே வழியும். மழைக்காலத்தில் அது காலியாக இருப்பதும் இல்லை. இங்கே மழையில் பாதிக்கு மேல் அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அப்போது போரிலும் தண்ணீர் ஏறியிருக்கும், லாரியே அதிகம் வராது. நாம் தவிப்பது மே மாதத்தில். அப்படிப் பார்த்தால் சம்ப்புக்குக் கொண்டுவருவதால் உண்மையில் குறையும் லாரி, அந்த 140-இல் ஒரு சிறு பங்குதான். மீதித் தண்ணீரைக் கிணறு வழியாக நிலத்துக்குள் இறக்குவது நல்ல வேலை. ஆனால் அது தனி வேலை, தனித் துண்டு. காகிதம் உச்சியில் இருந்து பாதிக்குக் கீழே இறங்கியது. யாரும் கோபப்படவில்லை. கணக்கு எல்லார் கண் முன்னாலும் நடந்ததால், யோசனை சொன்னவரே எழுந்து வந்து அதை இறக்கி ஒட்டினார். இந்த ஒரு காட்சிக்காகவே அந்தச் சார்ட் பேப்பரை நான் மதிக்கிறேன்.

இன்னொன்று, யாரும் மதிக்காத ஒரு யோசனை மேலே ஏறியது. பிளம்பர் சொன்னது: ஃப்ளஷ் டேங்கில் கேசரிப் பவுடர் கலரைக் கொஞ்சம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள், கோப்பையில் கலர் தெரிந்தால் வாஷர் கசிகிறது. சத்தமே வராமல் ஒழுகும் டேங்க் ஒரு நாளில் சில நூறு லிட்டரைக் குடித்துவிடும். எட்டு வீட்டில் கசிவு இருந்தது. வீட்டுக்கு 250 லிட்டர் என்றால்கூட மாதத்துக்கு 60,000 லிட்டர், ஐந்து லாரி. செலவு, வாஷரும் பிளம்பர் கூலியும்தான். கட்டம் இல்லாமல் இருந்தால் இந்த யோசனையைக் கூட்டக் குறிப்பில்கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். அது முழுக்க அந்தப் படுக்கும் கோட்டைப் பற்றியது.

முயற்சி என்பது ஒரே பொருள் இல்லை. வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தில் மேல் தொட்டியில் இருந்து ஒவ்வொரு ஷாஃப்டிலும் தனித்தனிக் குழாய் இறங்குகிறது. இரண்டு பாத்ரூம், சமையலறை, துணி துவைக்கும் இடம் என்று ஒரு வீட்டுக்கு நான்கு வழியில் தண்ணீர் நுழைகிறது. எனவே வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது, நான்கு வேண்டும், மொத்தம் 192. பயன்பாடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மாதத்துக்குப் பன்னிரண்டு லாரி மிச்சம், அதனால் பலனில் சந்தேகமே இல்லை. முயற்சி எவ்வளவு? பொருளாளர் விலையைப் பார்த்து நடுவில் ஒட்டினார். பிளம்பர் நாள் கணக்குப் பார்த்து, "இதெல்லாம் ஒரு மாச வேலை சார்" என்று இடது பக்கம் காட்டினார். செயலாளர் வலது ஓரத்துக்கே போய்விட்டார். அவர் எண்ணியது கதவுகளை: 48 வீட்டில் சம்மதம், வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள், பராமரிப்புக் கட்டணத்தைச் சதுர அடியில் இருந்து பயன்பாட்டுக்கு மாற்றப் பொதுக்குழுத் தீர்மானம். ஒரே வேலை, மூன்று இடம். மூன்று பேருமே சரி.

பல இடங்களில் இதற்குச் சராசரி எடுத்து நடுவில் ஒட்டிவிடுகிறார்கள். அது தப்பு. பணம் குறைவு என்பதால் சம்மதம் வாங்குவது சுலபமாகிவிடாது. நாங்கள் செய்வது இது: ஒவ்வொரு துண்டிலும் பணம், நாள், சம்மதம் தர வேண்டிய ஆட்கள் என்று மூன்றையும் சின்னதாக எழுதிவிடுவோம். மூன்றில் எது மோசமோ அதுவே துண்டின் இடம். ஒரு வேலை நின்றுபோவது எப்போதும் அந்த மோசமான ஒன்றினால்தான்.

இதற்கும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. குழாய் முனைகளில் ஏரேட்டர் மாட்டும் யோசனை இடது மேல் மூலையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் குழாய் நான்கு லிட்டருக்கு வந்துவிடும். விலை மலிவு, மாட்ட ஐந்து நிமிடம். வீட்டுக்குத் தினம் 50 லிட்டர் குறைந்தால் மாதத்துக்கு ஆறு லாரி. மாட்டினோம், குறைந்தது. ஆனால் எங்கள் போர் தண்ணீர் கடினநீர். சில மாதத்தில் ஏரேட்டரின் வலையில் வெள்ளை உப்பு படிந்து, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சத் தொடங்கியது. கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் சரியாகும். யார் செய்வது? ஒவ்வொரு வீடாகக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், லாரி எண்ணிக்கை மெல்லப் பழையபடி ஏறியது.

பலனை மாதாமாதம் என்று எண்ணுகிறோம். முயற்சியை மட்டும் ஒரு தடவை என்று எண்ணுகிறோம். கட்டம் இதைக் கேட்பதே இல்லை, அதன் வடிவத்தில் அதற்கு இடமே இல்லை. இடது மேல் மூலைக்கு வரும் வேலைகளில் பாதி, தொடக்கம் சுலபமாகவும் பராமரிப்பு தொல்லையாகவும் இருக்கும் இந்த வகைதான். "உடனே செய்" என்று தைரியமாகச் சொல்லும் ஒரு படம், அதற்குப் பிறகு யார் கையைக் கறையாக்கிக்கொள்வது என்று கேட்க வேண்டாமா? அதன்பின் துண்டில் நான்காவதாக ஒன்றையும் எழுதுகிறோம்: மாட்டிய பிறகு மாதாமாதம் யார், எத்தனை மணி நேரம். பெயர் எழுத முடியாத துண்டை வலது பக்கம் தள்ளிவிடுகிறோம்.

நண்பருக்கு என் பதில்: போடுங்கள், கண்டிப்பாகப் போடுங்கள். நடுக்கோடுகளை முதலில் கிழிக்காதீர்கள். எல்லாத் துண்டையும் பலன் வரிசையில் மேலிருந்து கீழாக, இரண்டுக்கு ஒரே இடம் கொடுக்காமல் ஒட்டுங்கள், அப்புறம் முயற்சிக்கு ஏற்பப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், கோடு கடைசியில். யோசனை சொன்னவர் தன் துண்டைத் தானே ஒட்டக் கூடாது. பாதிக்கு மேல் இடது மேல் மூலையில் குவிந்தால் யாரோ முயற்சியைச் சரியாக எண்ணவில்லை என்று அர்த்தம், திரும்ப எண்ணுங்கள்.

நான் இந்த வருடம் வரையப்போவதில்லை. சுலபமானவை எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பவை துருப்பிடித்த ஜிஐ குழாய்களை மாற்றுவது, மீட்டர், சுத்திகரித்த தண்ணீரை ஃப்ளஷுக்குக் கொண்டுபோகத் தனிக் குழாய். மூன்றும் வலது மேல் மூலையில்தான் விழும். மூன்றில் எது முதலில் என்று கட்டத்துக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று என்ற வரிசை அதில் இல்லை. பழைய குழாயில் 192 மீட்டரை மாட்டிவிட்டுப் பிறகு குழாயை மாற்றினால், அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டும். ஷாஃப்டைத் திறக்கும்போதே ஃப்ளஷ் குழாயையும் இறக்கிவிடலாம். எனவே முதலில் ஜிஐ குழாய், கூடவே ஃப்ளஷ் குழாய், அதன்பின் மீட்டர். எதிர்வரும் பொதுக்குழுவில் இந்த வரிசையை மட்டும் எழுதி வைக்கப்போகிறேன்.